விழுந்ததை வாங்கிய இளைஞர்

திரையில் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. 2012-இல் தொடங்கி 2021 வரை, ஆண்டுக்கு 48 சதவீத லாபம். சென்னையில் ஒரு சிறு முதலீட்டு நிறுவனத்தில் ஆய்வாளராகச் சேர்ந்திருந்த அந்த இளைஞர், இத்தனை அழகான கோட்டை அதுவரை பார்த்ததில்லை. இவர் கற்பனை மனிதர்தான். ஆனால் இவர் செய்ததைச் செய்தவர்கள் பங்குச் சந்தை எங்கும் உண்டு.

அவருடைய விதி எளிமையானது. நிஃப்டி 500 பட்டியலில் அன்றைக்கு மிக அதிகமாக விழுந்த ஐந்து பங்குகளை வாங்க வேண்டும். மூன்று வர்த்தக நாள் வைத்திருந்து விற்க வேண்டும். பீதியில் விற்கப்பட்ட பங்கு கொஞ்சமாவது மீளும் என்பது கணக்கு. விதியைக் கணினியிடம் கொடுத்துப் பழைய ஆண்டுகளின் விலைகளில் ஓட்டிப் பார்ப்பதற்குத்தான் பேக்டெஸ்ட் என்று பெயர். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 0.6 சதவீத லாபம், ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சுற்று. பெருக்கினால் 48.

2022-இல் நிறுவனம் ஒரு சிறு தொகையை ஒதுக்கியது. மூன்று மாதத்தில் அதில் கொஞ்சம் கரைந்தும் போயிற்று. விதி மாறவில்லை, சந்தையும் இடிந்து விழவில்லை. பிறகு என்ன நடந்தது?

விடையைத் தேட ஆரம்பித்தவர் ஆய்வாளர் அல்ல, ஆர்டர் போடும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்திருந்த டீலர். அவர் பேக்டெஸ்ட் காகிதத்தைப் புரட்டிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, இந்தப் பங்கு அன்னிக்கு லோயர் சர்க்யூட்ல நின்னுச்சு. மறுநாளும் அப்படியே. மூணாம் நாள் வித்துட்டதா உங்க கணக்கு சொல்லுது. யார்கிட்ட வித்தீங்க?"

இளைஞரிடம் பதில் இல்லை. பல பங்குகளுக்கு ஒரு நாளில் இவ்வளவுதான் ஏறலாம், இறங்கலாம் என்று 5, 10 அல்லது 20 சதவீத வரம்பு உண்டு. கீழ் வரம்பைத் தொட்டுவிட்டால் விற்பவர் வரிசை நீளும், வாங்க ஆள் இருக்காது. கணினிக்கு அது தெரியாது. முடிவு விலை என்று ஒன்று பதிவாகியிருந்தால் அந்த விலைக்கு விற்றுவிட்டதாக எழுதிக்கொள்ளும். இதில் இன்னொரு வஞ்சகமும் இருக்கிறது. விழுந்துகொண்டே இருக்கப்போகும் பங்கை நீங்கள் கேட்ட அளவுக்கு வாங்கலாம், விற்க அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். மறுநாள் துள்ளி எழப்போகும் பங்கில் எல்லோரும் உங்களோடு சேர்ந்து கை நீட்டுவார்கள். கெட்டது முழுதாகக் கிடைக்கும், நல்லது பாதிதான். பேக்டெஸ்ட்டில் இரண்டுமே முழுதாகக் கிடைத்துவிடுகின்றன.

அடுத்தது நேரம். அன்றைய முடிவு விலையை வைத்துத்தான் எந்த ஐந்து பங்கு அதிகம் விழுந்தது என்று விதி தீர்மானிக்கிறது. வாங்குவதும் அதே முடிவு விலைக்குத்தான். இளைஞர் வர்த்தகம் செய்த நாட்களில் தேசிய பங்குச் சந்தையின் முடிவு விலை என்பது கடைசி அரை மணி நேர வர்த்தகத்தின் சராசரி. மூன்றரை மணிக்குச் சந்தை மூடிய பிறகுதான் அது தெரியவரும். அதற்குப் பின் அந்த விலையிலேயே வாங்க ஒரு சிறிய நேரம் இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அங்கே நடமாட்டம் மிகக் குறைவு. எனவே நிஜத்தில் அவர் மறுநாள் காலை 9.15-க்குத்தான் வாங்கினார். மீட்சியில் ஒரு பகுதி அந்த ராத்திரியிலேயே, திறப்பு விலையிலேயே முடிந்துபோயிருந்தது.

செலவையும் அவர் சேர்க்கவில்லை. பங்கை டெலிவரியில் வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் பரிவர்த்தனை வரி. முத்திரைக் கட்டணமும் சில்லறைக் கட்டணங்களும் சேர்ந்தால் சுற்றுக்குச் சுமார் 0.23. அதிகம் கைமாறாத பங்கில் நீங்கள் ஆர்டர் போட்டாலே விலை நகரும். டீலர்கள் இதை ஸ்லிப்பேஜ் என்பார்கள். போகும்போது 0.15, வரும்போது 0.15 என்று தாராளமில்லாமல் வைத்தாலும் மொத்தம் 0.53. சுற்றுக்கு 0.6 சம்பாதித்த விதியில் மிச்சம் 0.07 சதவீதம். 80 சுற்றுக்கு 5.6. சர்க்யூட்டையும் காலை விலையையும் இன்னும் கழிக்கவே இல்லை.

இவையெல்லாம் திருத்தக்கூடிய பிழைகள். கண்ணுக்குப் படாத பிழை பட்டியலில் இருந்தது. இளைஞர் எடுத்தது 2021-ஆம் ஆண்டின் நிஃப்டி 500 பட்டியல். அதிலிருக்கும் நிறுவனங்களைத்தான் 2012 வரை பின்னோக்கிச் சோதித்தார். அப்படியென்றால் இடையில் செத்துப்போனவை சோதனைக்கே வரவில்லை.

வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.-ஐ எடுத்துக்கொள்ளலாம். 2018 செப்டம்பர் 21 அன்று அதன் பங்கு ஒரே நாளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. 610 ரூபாய் அருகில் இருந்தது 350 அருகில் முடிந்தது. விழுந்ததை வாங்கும் எந்த விதியும் அன்றைக்கு அதைத்தான் முதலில் கையில் எடுக்கும். 2019 முடிவதற்குள் அதே பங்கு 20 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது. 2021-இல் நிறுவனம் திவால் நடைமுறையில் பிரமல் குழுமத்துக்குப் போனபோது பங்குதாரர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, பங்கு சந்தையிலிருந்தே நீக்கப்பட்டது. அதன்பின் எடுத்த பட்டியலில் அது எப்படி இருக்கும்? விழுந்து மீண்டவை மட்டும் பட்டியலில் மிஞ்சியிருக்க, விழுந்தால் மீளும் என்று கணினி கண்டுபிடித்ததில் வியப்பில்லை. வேறு வகை விதிகளையும் இந்தக் கோளாறு கெடுக்கும், ஆனால் சரிவில் வாங்கும் விதியைப்போல் எதையும் கெடுக்காது.

டீலர் கடைசியாகக் கேட்டது: "ஏன் மூணு நாள்? ஏன் அஞ்சு பங்கு?"

இளைஞர் நேர்மையாகச் சொன்னார். ஒரு நாள் முதல் இருபது நாள் வரை, ஒரு பங்கு முதல் ஐம்பது பங்கு வரை, ஆயிரம் சேர்க்கைகளை ஓட்டி, அதில் மிக உயர்ந்ததை எடுத்திருந்தார். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், பத்து முறையும் தலையே விழுந்தவர் ஒருவராவது இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. அவருக்கு நாணயம் சுண்டத் தெரியும் என்று யாரும் பணம் கட்டமாட்டார்கள்.

அமெரிக்காவின் டேவிட் லைன்வெபர் இதைக் கேலியாகவே செய்துகாட்டினார். அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500-இன் பழைய ஏற்ற இறக்கத்தோடு எது ஒத்துப்போகிறது என்று புள்ளிவிவரங்களில் துழாவியபோது, வங்கதேசத்தின் வெண்ணெய் உற்பத்தி கிடைத்தது. அது ஒன்றே குறியீட்டின் போக்கில் 75 சதவீதத்தை 'விளக்கியது'. அமெரிக்கச் சீஸையும் இரு நாட்டு ஆடுகளின் எண்ணிக்கையையும் சேர்த்ததும் 99 சதவீதம்! 2014-இல் டேவிட் பெய்லி, மார்கோஸ் லோபஸ் டி பிராடோ உள்ளிட்ட நால்வர் இதற்குக் கணித எல்லை போட்டார்கள். ஐந்து ஆண்டு தினசரி விலைதான் கையில் இருக்கிறது என்றால், ஒன்றையொன்று சாராத 45 வடிவங்களுக்கு மேல் சோதிக்கக் கூடாது. மீறினால், உள்ளே சரக்கே இல்லாத ஒரு விதிகூடச் சிறப்பானதாகத் தோன்றுவது ஏறக்குறைய உறுதி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, பக்கத்து எண்களைப் பார்ப்பது. டீலர் கேட்டதும் இளைஞர் அந்த அட்டவணையைத் திறந்தார். மூன்று நாளுக்கு 48 சதவீதம். இரண்டு நாளுக்கு 11, நான்கு நாளுக்கு 9. மீட்சி என்பது நிஜமான குணமாக இருந்தால் ஒரு நாள் முன்பின்னாக விற்றதற்காக இப்படி மறைந்துவிடாது. கடைசி இரண்டு ஆண்டு விலைகளைத் தொடாமல் பூட்டிவைத்து, எல்லாம் முடிவான பிறகு ஒரே ஒரு முறை சோதிப்பது இன்னொரு வழி. சரிவரவில்லையே என்று விதியைத் திருத்திவிட்டு மறுபடி அங்கேயே சோதித்தால், அந்த இரண்டு ஆண்டும் பழைய ஆண்டுகளோடு சேர்ந்துவிடும்.

பாஸ்டனில் இயங்கிய குவாண்டோபியன் என்ற நிறுவனம், பொதுமக்கள் எழுதும் வர்த்தக விதிகளைச் சோதிக்கத் தளம் கொடுத்தது. அங்கே எழுதப்பட்ட 888 விதிகளை அதன் ஆய்வாளர்கள் 2016-இல் ஆராய்ந்தார்கள். பேக்டெஸ்ட்டில் லாபத்தையும் ஆபத்தையும் சேர்த்து அளக்கும் மதிப்பெண், பின்னால் நடந்ததைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. எழுதியவர் எவ்வளவு அதிகமாக பேக்டெஸ்ட் ஓட்டியிருந்தாரோ, அவ்வளவுக்குச் சோதனைக்கும் நிஜத்துக்கும் இடைவெளி கூடியிருந்தது. நிறுவனம் 2020-இல் மூடப்பட்டது.

சென்னை இளைஞர் செத்த நிறுவனங்களையும் சேர்த்த பட்டியலோடு, மறுநாள் காலை விலையில், செலவு கழித்து, சர்க்யூட்டில் நின்ற நாட்களில் விற்கவில்லை என்று வைத்து மறுபடி ஓட்டினார். கோடு பத்து ஆண்டும் தரையோடு தரையாகக் கிடந்தது. டீலர் அதைப் பார்த்துவிட்டு, "இப்பதான் நம்ம மூணு மாசக் கணக்கோட ஒத்துப்போகுது" என்றார்.