ஒவ்வொரு தோட்டாவுக்கும் வேறு உதைப்பு

துப்பாக்கி ஏந்தி ஆடும் வீடியோ கேம்களில் நெடுநாள் இருந்த வழக்கம் எளிமையானது. துப்பாக்கி பின்னுக்கு உதைத்துத் திரும்பும் அசைவை ஓர் அனிமேஷன் கலைஞர் ஒருமுறை செய்து வைப்பார். விசையை அழுத்தும்போதெல்லாம் அதே அசைவு ஓடும். கைத்துப்பாக்கியில் ஒற்றைத் தோட்டா சுட்டால் அது அழகாகவே இருக்கும். நொடிக்குப் பத்துத் தோட்டா கக்கும் தானியங்கி ரைஃபிளில் அந்த அழகு நிற்காது. பத்து முறையும் ஒரே அசைவு என்பதைக் கண் உடனே கண்டுகொள்ளும்.

அதனால் பல கேம்களில் இந்த அசைவை முன்கூட்டியே செய்து வைப்பதில்லை. ஆடும் நேரத்திலேயே கணினி கணக்குப்போட்டு அதை உண்டாக்குகிறது. வுல்ஃபயர் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ரிசீவர்’ இந்த வழியில் போன சிறிய விளையாட்டுகளில் ஒன்று. அதன் துப்பாக்கி அசைவுகளைத் தாங்குவது ஸ்பிரிங் கணக்கு.

அந்தக் கணக்கு மூன்றே வரிதான்:

```
v += kick
v += (-k*x - c*v) * dt
x += v * dt
```

இதில் `x` என்பது துப்பாக்கி தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது. `v` அதன் வேகம். `k` ஸ்பிரிங்கின் விறைப்பு. `c` ஆட்டத்தை அடக்கும் தணிப்பு. `dt` ஒரு ஃபிரேமின் நேரம். தோட்டா வெடிக்கும் ஃபிரேமில் மட்டும் முதல் வரி வேலை செய்யும். அந்த வரி துப்பாக்கியை எங்கும் நகர்த்துவதில்லை, வேகத்தை மட்டுமே கூட்டுகிறது. அதனால்தான் அசைவு வெட்டி ஒட்டியதுபோல் தெரியாமல் தொடர்ச்சியாக வருகிறது.

ஒரே ஒரு ஸ்பிரிங் போதாது. உண்மையான ரைஃபிளில் உதைப்பு ஒரே இடத்தில் நின்றுவிடுவதில்லை. துப்பாக்கி நேராகப் பின்னுக்கு வந்து தோளில் மோதுகிறது. குழல் தோளில் பதிந்த இடத்தைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் முனை மேலே தூக்குகிறது. பிறகே உடலும் தலையும் அசைகின்றன. துப்பாக்கி இலேசானது, உடல் கனமானது. ஆகவே ஒன்று வெடுக்கென்று அசையும், மற்றது மெல்ல அசையும். கேமிலும் இதே வரிசையில் அடுக்குகள் வைக்கிறார்கள்: துப்பாக்கி பின்னுக்கு வருவதற்கு ஒரு ஸ்பிரிங், முனை தூக்குவதற்கும் பக்கவாட்டில் சாய்வதற்கும் தனித்தனி ஸ்பிரிங்குகள், பார்வையாகிய கேமராவுக்கு இன்னொன்று. கைகளுக்குத் தனி அசைவு தேவையில்லை. உள்ளங்கைகளைத் துப்பாக்கியின் பிடியோடு ஒட்டிவிட்டால், முழங்கை எங்கே மடங்க வேண்டும் என்பதைக் கணினியே கணக்கிடும்.

எண்களோடு பார்த்தால் அடுக்குகளின் பயன் தெளிவாகும். நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும் ரைஃபிளில் இரு தோட்டாக்களுக்கு இடையே 0.1 நொடி இருக்கிறது. துப்பாக்கி பின்னுக்கு வரும் ஸ்பிரிங்குக்கு விறைப்பு 1600, தணிப்பு 80 என்று வைத்தால், அது 0.025 நொடியில் உச்சத்தைத் தொட்டுத் திரும்பத் தொடங்கும். அடுத்த தோட்டா வெடிக்கும் நேரத்தில் உச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். கேமராவுக்கு விறைப்பு 144, தணிப்பு 24 என்று வைத்தால் கதையே வேறு. அதன் உச்சம் 0.083 நொடியில் வருகிறது. அடுத்த தோட்டா வெடிக்கும்போது அது கிட்டத்தட்ட உச்சத்திலேயே நிற்கிறது. ஊஞ்சல் நிற்கும் முன்பே மறுபடியும் தள்ளுவதுபோல, முந்தைய உதைப்பின் மேல் புதிய உதைப்பு ஏறுகிறது. தொடர்ந்து சுட்டால் பார்வை ஒற்றைத் தோட்டா தரும் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் சற்று அதிகமாக ஏறும். துப்பாக்கியோ ஒவ்வொரு முறையும் ஏறத்தாழத் தன் இடத்துக்கு வந்து, வந்து உதைக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஸ்பிரிங் வைத்துவிட்டால் ஒவ்வொரு உதைப்பும் தானாகவே வேறுபடும் என்று நினைப்பது தவறு. மேலே சொன்ன ஸ்பிரிங்கில் உதைப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூடும், அவ்வளவுதான். சம இடைவெளியில் சம அளவு உதைத்தால் விரைவான துப்பாக்கி ஸ்பிரிங் இரண்டு மூன்று தோட்டாக்களிலேயே ஒரு நிலைக்கு வந்துவிடும், மெதுவான கேமரா ஸ்பிரிங் நான்கைந்து தோட்டாக்களில் வந்துவிடும். அதன் பிறகு பத்தாவது உதைப்புக்கும் இருபதாவது உதைப்புக்கும் வேற்றுமை இருக்காது. தொடக்கம் மட்டும் உயிரோடிருக்கும், மிச்சம் மறுபடியும் பழைய அனிமேஷன் போலவே ஆகிவிடும்.

வேறுபாட்டை வெளியிலிருந்து ஊட்டியாக வேண்டும். முதல் வழி, உதைப்பின் அளவையே ஒவ்வொரு முறையும் சற்று மாற்றுவது. மேல்நோக்கிய உதைப்பைப் பத்து சதவீதம் கூட்டிக் குறைக்கலாம். பக்கவாட்டு உதைப்பையும் சாய்வையும் இடமா வலமா என்று குலுக்கிப் போடலாம். முக்கியம் என்னவென்றால், ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகக் குலுக்க வேண்டும். ஒரே எண்ணை எல்லா அடுக்குக்கும் கொடுத்தால் கையும் கண்ணும் ஒரே திசையில் ஆடி, திரை முழுவதும் ஒரு பலகைபோல அசையும். இரண்டாவது வழி, விலக விலக ஸ்பிரிங்கை இறுக்குவது. அப்போது ஏற்கெனவே மேலே ஏறியிருக்கும் துப்பாக்கியில் அதே உதைப்பு சிறியதாகத் தெரியும். முந்தைய தோட்டா விட்டுச்சென்ற நிலை அடுத்த தோட்டாவின் அசைவை உண்மையாகவே மாற்றுவது இந்த ஏற்பாட்டில்தான்.

இந்தக் குலுக்கல் எதுவரை போகலாம் என்பதுதான் வடிவமைப்பின் மிக நுட்பமான இடம். கவுன்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் (2012) இதற்கு நல்ல பாடம். அதில் ஒவ்வொரு ரைஃபிளின் தோட்டாக்களும் எந்த வழியில் ஏறி எப்பக்கம் வளையும் என்பது பெரும்பாலும் நிலையானது. ஆட்டக்காரர்கள் அதை மனப்பாடம் செய்து, மவுஸை எதிர்த்திசையில் இழுத்துச் சமாளிப்பார்கள். அந்த விலகல் முழுவதையும் பார்வை பின்தொடர்வதில்லை. `view_recoil_tracking` என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 0.45, அதாவது ஒரு பங்குதான் கேமராவுக்குப் போகிறது. தோட்டா போகும் இடமும் கண்ணுக்குத் தெரியும் அசைவும் அங்கே இரண்டு தனிக் கணக்குகள். போட்டி ஆட்டம் செய்பவர்கள் இதைப் பிடித்துக்கொள்வது நல்லது. கை, துப்பாக்கி, சாய்வு ஆகிய தோற்ற அடுக்குகளில் தாராளமாகக் குலுக்கலாம். தோட்டாவின் பாதையில் தாராளமாகக் குலுக்கினால் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அப்படியே குலுக்கத்தான் வேண்டுமென்றால், சர்வரும் ஆட்டக்காரரின் கணினியும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பட்ட தோட்டா சர்வரில் படாமல் போகும்.

இன்னொரு சிக்கல், நல்ல கணினியில் சோதிப்பவர் கண்ணில் படவே படாது. மேலே கொடுத்த 1600, 80 என்ற ஸ்பிரிங் நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கணினியில் ஒழுங்காக நடக்கும். சுமார் 48 ஃபிரேமுக்குக் கீழே இறங்கினால் கணக்கு நிலைகுலையும். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஸ்பிரிங் தன் இடத்தைத் தாண்டிப் போய், முன்பைவிட அதிகமாகத் திருப்பி இழுக்கும். 30 ஃபிரேம் ஓடும் பழைய மடிக்கணினியில் முதல் தோட்டாவிலேயே துப்பாக்கி திரையை விட்டு வெளியே பறந்துவிடும். மெதுவான கேமரா ஸ்பிரிங் அதே கணினியில் ஒன்றும் ஆகாமல் ஓடுவதால், பிழை எங்கே என்று தேடுவது கடினமாகிறது. தீர்வு எளிது. ஃபிரேம் எவ்வளவு நீண்டாலும் ஸ்பிரிங் கணக்கை மட்டும் 1/240 நொடித் துண்டுகளாக வெட்டிப் பலமுறை ஓட்டினால் போதும்.

ஆகவே சோதிக்கும்போது ஃபிரேம் வேகத்தை 30இல் கட்டிவைத்து ஒரு முழு மேகசினைச் சுட்டுப் பார்க்க வேண்டும். அதே பதிவை மெதுவாக ஓட்டி, பத்தாவது தோட்டாவுக்குப் பிறகு வரும் உதைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். பிறகு கேமரா அடுக்கை மட்டும் முழுமையாக அணைத்துப் பார்க்க வேண்டும். திரை ஆடினால் தலைசுற்றும் ஆட்டக்காரர்களுக்கு அந்த அடுக்கைக் குறைக்கும் வசதியை அமைப்புப் பக்கத்தில் தரலாம். துப்பாக்கி, கை அடுக்குகள் தனியாக இருப்பதால் அவர்களுக்கும் உதைப்பின் வலு குறைந்ததாகத் தோன்றாது.