பணி விலகும் முன் 60 நாள்கள்

வேறொரு பணி கிடைத்ததும், இருக்கும் நிறுவனத்தில் எஞ்சியுள்ள நோட்டீஸ் காலத்தை நாள்களை எண்ணியே கழித்துவிடுவோர் உண்டு. ஆனால் நம்மைப் பற்றி அந்நிறுவனம் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பது அந்தக் கடைசி வாரங்களைத்தான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒருவர் ஜூன் 1 அன்று விலகல் கடிதம் கொடுக்கிறார். நியமன ஆணையின்படி நோட்டீஸ் காலம் 60 நாள்கள். அன்றிலிருந்தே எண்ணினால் ஜூலை 30 அவரது கடைசி நாள். கடிதம் கொடுக்குமுன் மேலாளரிடம் அவர் நேரில் சொல்லிவிடுகிறார். கடிதத்தில் விலகும் செய்தியும் கடைசி நாளும் மட்டுமே உள்ளன. குறைகள் எதுவும் இல்லை. விடுவிக்கப்படும் தேதியைக் குறிப்பிட்டு, விலகலை ஏற்றுக்கொண்டதாக எழுத்து மூலமும் பெற்றுக்கொள்கிறார்.

அடுத்து அவர் செய்யவேண்டியது, தம் வேலைகளை நாள்காட்டியின்மேல் வைத்துப் பார்ப்பது. மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யவேண்டும். இது 60 நாள்களில் இருமுறை வரும். ஜூனில் அவர் செய்ய, பொறுப்பேற்பவர் அருகிலிருந்து பார்க்கலாம். ஜூலையில் பொறுப்பேற்பவர் செய்ய, இவர் அருகிலிருக்கலாம். எழுதிவைத்த குறிப்பில் விடுபட்டவை இரண்டாம் முறைதான் வெளிப்படும்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான டிடிஎஸ் காலாண்டு அறிக்கைக்குக் கடைசி நாள் ஜூலை 31. அவர் விலகிய மறுநாள்! தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம் நிறுவனத்தின்மேல் விழும். ஆகவே அதை ஜூலை மூன்றாம் வாரத்திலேயே முடித்துவிடுவது நலம். விலகும் தேதியை ஒட்டி வரும் இத்தகைய வேலைகளே பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகின்றன.

ஒப்படைப்புக் குறிப்பில் முடிந்தவை, நடப்பவை ஆகியவற்றோடு, வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதிகளும் இடம்பெறவேண்டும். "மீதித் தொகை ஆகஸ்ட் 15க்குள் வரும்" என்று ஒரு வணிகரிடம் சொல்லியிருந்தால், அது எந்தக் கோப்பிலும் இராது.

நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் உரிமையோ ஓடிபி வரும் கைப்பேசி எண்ணோ இவருடையதாக இருந்தால், மாற்றத்துக்கான கடிதத்தை முன்கூட்டியே வங்கியில் கொடுக்கச் செய்யவேண்டும். இல்லையெனில் அவர் சென்றபின் பணப்பட்டுவாடா நின்றுவிடும். ஒவ்வொரு ஓடிபிக்கும் அவரையே அழைப்பார்கள்.

இறுதியில், பணிவிடுப்புக் கடிதத்தைக் கேட்டுப் பெறுவதோடு, அவ்வாண்டில் பெற்ற சம்பளம், பிடித்த வரி ஆகிய விவரங்களைப் புதிய நிறுவனத்திடம் கொடுத்துவிடுவோம். கொடுக்காவிடில் இரு நிறுவனங்களும் தனித்தனியே வரிக்கழிவு அளித்துவிடும். ஆண்டு முடிவில் வரிப்பாக்கி நம் தலையில் நிற்கும்.