கடை மூடும் தேதியும் கடைசி ஆர்டர் தேதியும்

பண்டிகைக்காகக் கடையை மூடும் விற்பனையாளர் வாடிக்கையாளருக்கு விடும் அறிவிப்பில் மூன்று தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும்: ஆர்டர் ஏற்கும் கடைசி நாள், பார்சல் அனுப்பும் கடைசி நாள், கடை மீண்டும் திறக்கும் நாள். நேரில் வந்து வாங்குவோருக்குக் கடை திறந்திருக்கும் நாள் தெரிந்தால் போதும். வாட்ஸ்அப்பிலோ இணையத்திலோ ஆர்டர் செய்பவருக்கு அது போதாது. பொருள் எந்த நாளில் கைக்கு வரும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஆகவே இந்தத் தேதிகளைப் பொருள் போய்ச் சேர வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை விற்கும் ஒரு சிறு கடையை உதாரணமாகக் கொள்ளலாம். 2026-ஆம் ஆண்டுப் பொங்கல் ஜனவரி 15, வியாழக்கிழமை. 16 திருவள்ளுவர் தினம், 17 உழவர் திருநாள், 18 ஞாயிறு. போகியன்றே ஊருக்குக் கிளம்புபவர்கள் இருப்பதால் 14 புதன் முதல் கடைக்கு விடுமுறை. 19 திங்கள் காலை கடை திறக்கும்.

பொங்கலுக்குக் கட்ட வேண்டிய சேலை 13 செவ்வாய்க்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். போகியன்று பல ஊர்களில் கூரியர் ஆட்களும் விடுப்பில் இருப்பார்கள் என்பதால் 14-ஆம் தேதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டுக்குள் ஓரிரு நாளில் சேரும் பார்சல், பண்டிகைக் கூட்டத்தில் தரம்பிரிக்கும் கிடங்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிடலாம். 9 வெள்ளியன்று அனுப்பினால் 10 சனி, 12 திங்கள், 13 செவ்வாய் என மூன்று டெலிவரி நாட்கள் கிடைக்கும். இடையில் வரும் 11 ஞாயிறு. சேலையைப் பிரித்துப் பார்த்து, மடித்து, பில் வைத்து, முகவரி ஒட்டக் கடைக்கு ஒரு நாள் வேண்டும். எனவே தமிழ்நாட்டு முகவரிகளுக்குக் கடைசி ஆர்டர் 8 வியாழன் மதியம் 12 மணி.

மும்பைக்கும் டெல்லிக்கும் தரைவழியாகப் போகும் பார்சலுக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். அதற்கு 5 திங்களன்றே அனுப்ப வேண்டும். 4 ஞாயிறு என்பதால் கடைசி ஆர்டர் 3 சனி மாலை. ரவிக்கை தைத்துக் கேட்பவர்களுக்குத் தேதி இன்னும் முன்னால் போகும். பண்டிகைக் காலத்தில் தையற்காரருக்கு எட்டு வேலை நாட்கள் தேவை என்று வைத்துக்கொண்டால், புத்தாண்டையும் ஞாயிற்றையும் கழித்து, டிசம்பர் 30 முதல் ஜனவரி 8 வரை அந்த எட்டு நாட்கள் அமையும். ஆகவே தைத்த ரவிக்கையோடு தமிழ்நாட்டுக்குள் அனுப்ப வேண்டிய சேலைக்கு டிசம்பர் 29 திங்களோடு ஆர்டரை நிறுத்த வேண்டும். ஒரே கடைக்கு மூன்று கடைசித் தேதிகள் வருவது இப்படித்தான். மூன்றையும் ஒன்றாக்கி ‘ஜனவரி 8 வரை ஆர்டர்’ என்று போட்டால், டெல்லிக்காரருக்கும் ரவிக்கை கேட்டவருக்கும் பொங்கல் முடிந்த பிறகே பார்சல் கிடைக்கும்.

பொங்கலுக்குள் வேண்டும் என்ற அவசரம் இல்லாதவர்களும் உண்டு. அவர்களுக்கு 10 சனி வரை ஆர்டர் எடுத்து, 12 திங்களன்று கடைசிக் கட்டு பார்சல்களை அனுப்பலாம். ஆனால் அவை பொங்கலுக்குப் பிறகும் சேரக்கூடும் என்று அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். ‘பொங்கலுக்குள் கிடைக்க’ என்பதும் ‘விடுமுறைக்கு முன் அனுப்ப’ என்பதும் வேறு வேறு வாக்குறுதிகள். பெரும்பாலான மனத்தாங்கல் இவ்விரண்டையும் ஒன்றாக எழுதுவதிலிருந்தே வருகிறது.

தேதிகளை முடிவு செய்யும் முன் கூரியர் கிளையில் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எந்த நாள் வரை புக்கிங் எடுப்பார்கள், போய்ச் சேரும் ஊரில் எந்த நாள் வரை டெலிவரி நடக்கும். முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டால், கிளை பார்சலை வாங்கிக்கொள்ளும். அது வழியில் எங்கோ விடுமுறை முழுவதும் கிடக்கும். தபாலில் அனுப்புவதாக இருந்தால், மாநில அரசு விடுமுறைப் பட்டியலும் மத்திய அரசின் கீழ் இயங்கும் அஞ்சல் துறையின் விடுமுறைப் பட்டியலும் ஒன்றல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இவற்றை வைத்து அந்தக் கடை எழுதும் அறிவிப்பு இப்படி அமையும்:

“அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு: பொங்கலை முன்னிட்டு ஜனவரி 14 புதன் முதல் 18 ஞாயிறு வரை கடை விடுமுறை. 19 திங்கள் காலை 10 மணிக்குத் திறக்கும்.
பொங்கலுக்குள் சேலை கிடைக்கக் கடைசி ஆர்டர்:
ரவிக்கை தைத்து (தமிழ்நாட்டுக்குள்) – டிசம்பர் 29 திங்கள் மாலை 6 மணி.
வெளிமாநிலம், சேலை மட்டும் – ஜனவரி 3 சனி மாலை 6 மணி.
தமிழ்நாடு, சேலை மட்டும் – ஜனவரி 8 வியாழன் மதியம் 12 மணி.
அதன் பிறகு 10 சனி மாலை 6 மணி வரை வரும் சேலை ஆர்டர்கள் 12 திங்களன்று அனுப்பப்படும். அவை பொங்கலுக்குப் பிறகு சேரலாம். அதற்கும் பின் வருபவை 20 செவ்வாய் முதல் வரிசைப்படி அனுப்பப்படும். பணம் வந்து சேர்ந்த நேரமே ஆர்டர் நேரமாகக் கொள்ளப்படும்.”

இதில் ஒவ்வொரு தேதிக்கும் கிழமை இருக்கிறது. எழுதும்போது தேதி தவறினால் கிழமை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘18 வரை விடுமுறை’ என்று மட்டும் சொன்னால் 18 அன்று கடை உண்டா என்ற சந்தேகம் எழும். திறக்கும் நாளையும் சொல்வதால் அது தீர்கிறது. ‘நாளையே கடைசி’ போன்ற சொல் இதில் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு படம் நான்கு நாள் கழித்து வேறொருவருக்குப் போகும்போது அந்த ‘நாளை’ தவறான நாளாகிவிடும். காலையில் சேலையைத் தேர்ந்தெடுத்து இரவில் பணம் அனுப்புபவருக்கும் தமது ஆர்டர் எந்தக் கணக்கில் சேரும் என்று கடைசி வரி சொல்லிவிடுகிறது.

அறிவிப்பை ஒரு முறை போட்டால் போதாது. முதல் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக, டிசம்பர் 22 அளவில் முழு அறிவிப்பும் போக வேண்டும். பிறகு ஒவ்வொரு கடைசித் தேதிக்கும் இரண்டு நாள் முன்பு, அந்த ஒரு வரியை மட்டும் நினைவூட்டினால் போதும். தேதி கடந்ததும் அந்த வரியை நீக்கிய புதிய படத்தை இட வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், கடை மூடியிருக்கும் நாட்களைக் குறித்து, அப்போது வரும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் போகும்படி அமைக்கலாம். அந்தப் பதிலிலும் திறக்கும் தேதியும் முதல் அனுப்பும் தேதியும் இருக்க வேண்டும். ‘பொங்கலுக்குள் வருமா?’ என்ற கேள்வி அறிவிப்புக்குப் பிறகும் தொடர்ந்து வந்தால், அறிவிப்பில் ஏதோ ஒன்று விளங்கவில்லை என்று பொருள். அதைத் திருத்தி மீண்டும் போட வேண்டும்.

இப்படிச் சொன்ன தேதிக்குச் சட்டத்திலும் எடை உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைத் தளங்களில் விற்பவர், சொன்ன டெலிவரி நாளைத் தாண்டி வந்த பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற, யார் கையிலும் இல்லாத காரணத்தால் வந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பண்டிகை நெரிசல் முன்கூட்டியே தெரிந்தது. அதனால் அதற்கான நாட்களைக் கணக்கில் சேர்த்த பிறகே தேதியைச் சொல்ல வேண்டும்.

விடுமுறை முடிந்த மறுநாளே எல்லாம் அனுப்பப்படும் என்றும் எழுதக் கூடாது. ஐந்து நாள் சேர்ந்த ஆர்டர்களும், வாங்க ஆளின்றித் திரும்பிய பார்சல்களும், சேதம் பற்றிய புகார்களும் 19 திங்களன்று ஒன்றாக வந்து நிற்கும். அன்று பணம் வந்த ஆர்டர்களைச் சரிபார்த்து வரிசைப்படுத்தி, மறுநாள் அனுப்பத் தொடங்குவதுதான் நடக்கக்கூடியது. விடுமுறையில் சேலை பெற்றவர் குறை சொல்லக் குறித்த கெடு அந்த ஐந்து நாட்களுக்குள் முடிந்தால், கெடுவைக் கடை திறந்த நாளிலிருந்து நீட்டி, அதையும் அறிவிப்பில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும்.