எத்தனை விமானம் விற்றால் முதல் தேறும்?

1971-இல் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம் திவாலாகும் நிலையில் இருந்தது. அதன் டிரைஸ்டார் பயணிகள் விமானத்துக்கு எஞ்சின் செய்துகொண்டிருந்த பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ், அந்த ஆண்டு பிப்ரவரியில் நொடித்துப்போனது. லாக்ஹீட் வாங்கவேண்டிய 25 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு அரசு உத்தரவாதம் தருமா என்பதே கேள்வி. எத்தனை விமானம் விற்றால் போட்ட பணம் திரும்பும் என்று நாடாளுமன்றம் கேட்டபோது, 195 முதல் 205 வரை என்று நிறுவனம் சொன்னது. ஆகஸ்டில் செனட் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் உத்தரவாதத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பொருளாதார அறிஞர் உவே ரைன்ஹார்ட் அந்த 195-ஐ ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நிதித்துறை மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். போட்ட முதலுக்கான வட்டிச் சுமை நிறுவனத்தின் கணக்கில் சேரவே இல்லை என்பதுதான் அதன் சாரம்.

அந்தக் குறை எவ்வளவு பெரியது என்று பார்க்க, எளிமையாக்கிய எண்களை வைத்து நாமே கணக்குப் போடலாம். விமானத்தை வடிவமைத்துச் சோதித்து முடிக்க 90 கோடி டாலர் செலவு என்று கொள்வோம். ஒவ்வொரு விமானத்திலும் தயாரிப்புச் செலவு போக 40 லட்சம் டாலர் மிச்சம். 90 கோடியை 40 லட்சத்தால் வகுத்தால் 225 வரும். கணக்குப் புத்தகத்தின்படி 225 விமானம் விற்றால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இப்போது காலத்தையும் சேர்ப்போம். அந்த 90 கோடி, 1967 கடைசியில் தொடங்கி ஆண்டுக்கு 18 கோடியாக ஐந்து தவணைகளில் செலவாகிறது. விற்பனைப் பணம் 1972 முதல் 1977 வரை ஆறு ஆண்டுகளில் வருகிறது. இதே அளவு ஆபத்துள்ள வேறு தொழிலில் போட்டிருந்தால் அந்தப் பணம் ஆண்டுக்கு 10 சதவீதம் ஈட்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஓராண்டு கழித்து வரும் 110 டாலர், இன்றைய 100 டாலருக்குத்தான் சமம். எல்லாத் தொகைகளையும் இப்படி 1967-இன் மதிப்புக்குக் கொண்டுவந்து, வரவிலிருந்து செலவைக் கழித்தால் கிடைப்பது நிகர தற்போதைய மதிப்பு.

செலவின் 1967 மதிப்பு 75 கோடி. 225 விமானத்தால் ஆண்டுக்கு 15 கோடி வந்தாலும், ஆறு ஆண்டு வரவின் 1967 மதிப்பு 45 கோடியைத் தாண்டவில்லை. நஷ்டமே இல்லை என்று புத்தகம் காட்டும் அதே இடத்தில் 30 கோடி டாலர் பள்ளம் இருக்கிறது.

பள்ளம் சரியாக நிரம்ப, அதாவது நிகர தற்போதைய மதிப்பு பூஜ்ஜியமாக, ஆண்டுக்கு 63 வீதம் சுமார் 379 விமானம் விற்கவேண்டும். அந்தப் புள்ளியில் முதலீட்டாளருக்கு முதலும் திரும்புகிறது, 10 சதவீதமும் கிடைக்கிறது. அதற்கு மேல் ஒரு காசும் மிஞ்சாது.

ஆனால் ஆண்டுக்கு 63 விமானம் வாங்க ஆள் வேண்டுமே! 225 விமானத்துக்குப் போட்ட அதே வேகத்தில், ஆண்டுக்கு 37 அல்லது 38 தான் விற்கும் என்றால், பூஜ்ஜியத்தைத் தொட ஏறக்குறைய 14 ஆண்டு ஆகும். விற்கவேண்டிய எண்ணிக்கை 519 ஆகிவிடும். தாமதமாக விற்கும் ஒவ்வொரு விமானமும் குறைந்த மதிப்பையே தருவதால்தான் இப்படி. விற்பனை ஆண்டுக்கு 27-ஐத் தாண்டாவிட்டால், எத்தனை நூறு விமானம் விற்றாலும், எத்தனை ஆண்டு விற்றாலும் பள்ளம் நிரம்பாது. 195 என்ற ஒற்றை எண் மறைத்தது இதைத்தான். எவ்வளவு விற்கவேண்டும் என்று சொல்பவர், எந்த வேகத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்த எண்ணை நம்பக்கூடாது.

உண்மை நிலவரம் நம் கணக்கைவிடக் கடினம். எல்லா விமானத்திலும் ஒரே லாபம் என்று நாம் கொண்டோம். விமானத் தொழிலில் முதல் சில விமானங்களைச் செய்ய மிக அதிகம் செலவாகும். தொழிலாளர்களுக்குக் கை பழகப் பழகத்தான் செலவு இறங்கும். ஆகவே பணத்துக்கு மதிப்பு அதிகமுள்ள தொடக்க ஆண்டுகளில்தான் லாபம் மிகக் குறைவாக இருக்கும்.

லாக்ஹீட்டுக்காக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். 1971-இல் வடிவமைப்புப் பணத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே செலவாகியிருந்தது. திட்டத்தை நிறுத்தினாலும் அது திரும்பாது. தொடரலாமா, விட்டுவிடலாமா என்று அன்றைக்கு முடிவெடுக்க, இனிமேல் ஆகும் செலவையும் இனிமேல் வரும் வரவையும் மட்டும் வைத்துப் பூஜ்ஜியப் புள்ளியைத் தேடுவதே முறை; அது 379-ஐவிட மிகக் கீழே இருந்திருக்கும். 379 என்பது 1967-இல், முதல் டாலரை எடுத்து வைக்குமுன் கேட்டிருக்கவேண்டிய கேள்விக்கான விடை.

1972-இல் சேவைக்கு வந்த டிரைஸ்டாரின் தயாரிப்பை நிறுத்தப்போவதாக லாக்ஹீட் 1981-இல் அறிவித்தது. மொத்தம் 250 விமானங்கள் தயாராயின. நிறுவனம் 1971-இல் சொன்ன எண்ணிக்கையைவிட அது அதிகம்.