இலக்கு விலை 620: அந்த எண் எங்கிருந்து வந்தது?

புரோக்கிங் நிறுவனங்கள் வெளியிடும் பங்கு ஆய்வறிக்கை பத்து, இருபது பக்கம் இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் பக்க மூலையில் உள்ள மூன்று விஷயங்கள்தான்: ‘வாங்கலாம்’ என்ற ரேட்டிங், இலக்கு விலை, இன்றைய விலை. இந்த மூன்றையும் வைத்து அறிக்கை சரியா, தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு ரேட்டிங், காரணம், அனுமானம், ரிஸ்க் என்று நான்காகப் பிரித்துச் சுருக்கி எழுத வேண்டும். இவற்றில் அனுமானத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். அறிக்கையின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

ஒரு சிமென்ட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இது உண்மை நிறுவனம் அல்ல. கணக்கு எளிதாகப் புரிவதற்காக அமைத்துக்கொண்ட எண்கள். பங்கின் இன்றைய விலை 500 ரூபாய். அறிக்கையின் தீர்ப்பு ‘வாங்கலாம்’. பன்னிரண்டு மாத இலக்கு 620 ரூபாய், அதாவது 24 சதவிகித ஏற்றம்.

முதலில் ரேட்டிங். இதை எழுதும்போது அந்தப் புரோக்கிங் நிறுவனத்தின் அகராதியையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு நிறுவனம் 15 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றம் எதிர்பார்த்தால்தான் ‘வாங்கலாம்’ என்னும். இன்னொன்று 10 சதவிகிதத்துக்கே சொல்லிவிடும். வேறு சில, சந்தைக் குறியீட்டைவிட இந்தப் பங்கு கூடுதலாக ஏறுமா என்பதை மட்டும் பார்க்கும். அங்கே சந்தையே சரிந்தால் நல்ல ரேட்டிங் பெற்ற பங்கும் சரியலாம். செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிகள், ரேட்டிங் சொற்களுக்கு என்ன பொருள் என்பதை அறிக்கையிலேயே விளக்கச் சொல்கின்றன. கடைசிப் பக்கங்களின் பொடி எழுத்தில் அது இருக்கும். நம் அறிக்கையில் எல்லை 15 சதவிகிதம்.

அடுத்தது காரணம். அறிக்கை மூன்று பக்கத்துக்கு விவரிக்கிறது: புதிய ஆலை உற்பத்தியைத் தொடங்கிவிட்டது, சூளையில் வீணாகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் அமைப்பு வந்துவிட்டது, அதனால் மின்செலவு குறையும், அரசின் சாலை, வீட்டுவசதித் திட்டங்களால் தேவை கூடும். படிக்கும்போது எல்லாம் ஒரே குரலில் ஒலிக்கும். ஆனால் ஆலை தொடங்கியது நடந்து முடிந்த விஷயம். தேவை கூடும் என்பது இனி நடக்க வேண்டியது. சுருக்குபவர் இங்கேயே கோடு கிழிக்க வேண்டும். நடந்ததைக் காரணத்தில் வைக்கலாம். நடக்க வேண்டியதை அனுமானத்துக்குத் தள்ள வேண்டும்.

அனுமானங்கள் பெரும்பாலும் வாக்கியங்களில் இருக்காது, அட்டவணையில் இருக்கும். FY27E என்று தலைப்பிட்ட பத்தியில் கடைசி எழுத்து மதிப்பீட்டைக் குறிக்கிறது. அந்த எழுத்துக்குக் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணும் ஆய்வாளரின் கணிப்பு.

620 எப்படி வந்தது என்று பின்னோக்கிப் போவோம். அடுத்த நிதியாண்டில் நிறுவனம் 1 கோடி டன் சிமென்ட் விற்கும் என்கிறது அட்டவணை. டன்னுக்கு 1,000 ரூபாய் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முன்பான லாபம். பெருக்கினால் 1,000 கோடி ரூபாய். அதைப்போல் 13 மடங்கு, மொத்த நிறுவனத்தின் மதிப்பு 13,000 கோடி. நிகரக் கடன் 600 கோடியைக் கழித்தால் பங்குதாரர்களுக்கு 12,400 கோடி. பங்குகள் 20 கோடி, வகுத்தால் 620.

இந்த ஆண்டு டன்னுக்குக் கிடைத்த எபிட்டா 850 ரூபாய்தான். கூடுதல் 150 எங்கிருந்து வரும்? செலவு அட்டவணையில் மின்சாரச் சிக்கனம் 50 ரூபாய். மீதி 100 ரூபாய், வரி போக நிறுவனத்தின் கைக்கு வரும் விலை உயர்வதால் கிடைப்பது. ஒரு டன்னுக்கு 50 கிலோ மூட்டைகள் இருபது. ஆக, மூட்டைக்கு 5 ரூபாய் விலையேற்றம். மூன்று பக்கம் ஆலையையும் மின்சாரத்தையும் பற்றிப் பேசிய அறிக்கை, லாப உயர்வில் மூன்றில் இரண்டு பங்கை ஒரே வரியில் விலையேற்றத்தின் தலையில் வைத்திருக்கிறது.

அந்த 5 ரூபாய் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எபிட்டா டன்னுக்கு 900 ரூபாய். அதே கணக்கில் பங்கு விலை 555. ஏற்றம் 11 சதவிகிதம். அறிக்கையின் சொந்த அகராதிப்படியே ‘வாங்கலாம்’ போய்விடுகிறது. விலை ஏறாததோடு 5 ரூபாய் இறங்கியும் விட்டால் 490, இன்றைய விலைக்கும் கீழே.

அதேபோல 13 மடங்கும் ஓர் அனுமானமே. இந்தப் பங்கின் ஐந்தாண்டுச் சராசரி 11 மடங்கு என்று அறிக்கையிலேயே ஒரு வரைபடம் காட்டுகிறது. மற்றதெல்லாம் அப்படியே நடந்தும் சந்தை 11 மடங்குதான் தரும் என்றால், விலை 520.

கடைசியாக ரிஸ்க். இது பெரும்பாலும் முடிவில் ஒரு பத்திதான். நம் அறிக்கை மூன்றைச் சொல்கிறது: பெட்கோக், நிலக்கரி விலை உயர்வு, நீண்ட மழைக்காலம், புதிய ஆலை முழுவேகம் எடுப்பதில் தாமதம். ஒவ்வொன்றையும் ஓர் அனுமானத்தோடு ஜோடி சேர்த்துப் பார்க்க வேண்டும். எரிபொருள் விலை, டன் லாபத்தைத் தொடுகிறது. மழையும் ஆலைத் தாமதமும் 1 கோடி டன்னைத் தொடுகின்றன. மூட்டை விலைக்கும் 13 மடங்குக்கும் ஜோடி இல்லை. தென்னிந்தியாவில் தேவையைவிட ஆலைத்திறன் அதிகம்; விலையேற்றத்தை அறிவித்துவிட்டுத் திரும்பப் பெறுவது இந்தத் தொழிலில் அடிக்கடி நடப்பது. ஆனால் இதை ‘அறிக்கை சொல்லும் ரிஸ்க்’ என்று எழுதிவிடக் கூடாது. அறிக்கை அதைச் சொல்லவில்லை. சுருக்குபவரின் குறிப்பு என்று தனியே எழுதலாம். ‘விற்கலாம்’ அறிக்கையானால் ரிஸ்க் தலைகீழாக இருக்கும்: எது நன்றாக நடந்தால் கணிப்பு பொய்க்கும் என்பதே அங்கே ரிஸ்க்.

எல்லாம் சேர்ந்தால் சுருக்கம் இப்படி அமையும்:

ரேட்டிங்: ‘வாங்கலாம்’ (15 சதவிகிதத்துக்கு மேல்), 500 ரூபாய் விலையில், 12 மாத இலக்கு 620.

காரணம்: புதிய ஆலையும் வெப்ப மின் அமைப்பும் செயல்பாட்டுக்கு வந்துவிட்டன.

அனுமானம்: 1 கோடி டன் விற்பனை, மூட்டைக்கு 5 ரூபாய் விலையேற்றம், டன்னுக்கு 50 ரூபாய் சிக்கனம், எபிட்டாவைப்போல் 13 மடங்கு மதிப்பு.

சொல்லப்பட்ட ரிஸ்க்: எரிபொருள் விலை, மழை, ஆலைத் தாமதம்.

குறிப்பு: விலையேற்றம் கிடைக்காவிட்டால் இதே கணக்கில் 555. இதை அறிக்கை ரிஸ்க்காகச் சொல்லவில்லை.

பொடி எழுத்தில் உள்ள இன்னொன்றையும் பார்த்துவிடுவது நல்லது. புரோக்கிங் நிறுவனம் இந்தப் பங்கில் 1 சதவிகிதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால், அல்லது கடந்த 12 மாதங்களில் இந்த நிறுவனத்திடம் ஊதியம் பெற்றிருந்தால், அதைச் செபி விதிப்படி தெரிவித்திருக்க வேண்டும். இருந்தால் ஒரு வரி சேர்க்கலாம்.

இந்தச் சுருக்கம் அனுமானங்கள் நிறைவேறுமா என்று சொல்லாது. அவை எவை என்று மட்டுமே சொல்லும். ஆனால் அடுத்த காலாண்டு முடிவு வரும்போது எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்: விற்ற டன், டன்னுக்கு எபிட்டா, மூட்டை விலை. பங்கு 540-க்கு ஏறியிருந்தும் மூட்டை விலை அசையாமல் இருந்தால், இலக்கின் மூன்றில் ஒரு பங்கு தூரம் அறிக்கை சொன்ன வழியில் வந்ததல்ல என்பது புரியும்.