என்.ஆர்.ஓ ஸ்டேட்மென்ட்: மூன்று எண்களைச் சரிபார்ப்பது எப்படி?

சிங்கப்பூரில் இருக்கும் என் நண்பர் 2023-24க்கான தன் என்.ஆர்.ஓ கணக்கின் ஸ்டேட்மென்ட்டை அனுப்பி, "வட்டி குறைவா வந்திருக்கு, பேங்க்ல தப்பு பண்ணிட்டாங்களா?" என்று கேட்டார். ஒரு கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.

அவருடையது 10 லட்ச ரூபாய் எஃப்.டி, 7 சதவீதம், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் வகை. முதல் காலாண்டு கணக்கு இது:

```
வட்டி : 10,00,000 × 7% ÷ 4 = 17,500
வரி   : 17,500 × 31.2%    = 5,460
மீதி  : 17,500 − 5,460    = 12,040
```

30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ், அதுதான் 31.2. உள்நாட்டில் வசிப்பவருக்கு உள்ள விலக்கு வரம்பு இங்கே கிடையாது. முதல் ரூபாய் வட்டியிலிருந்தே பிடிப்பார்கள், சேமிப்புக் கணக்கு வட்டிக்கும் சேர்த்து.

இப்போது அவர் சந்தேகத்துக்கு வருவோம். அவர் எஃப்.டி ரசீதுப்படி இரண்டாம் காலாண்டுக்கு 17,806 வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது 17,711. வரியை எஃப்.டியிலிருந்தே எடுத்துவிட்டதால் அசல் 10,17,500 ஆகாமல் 10,12,040 தான் ஆனது. அதற்கு 1.75 சதவீதம் போட்டுப் பாருங்கள், 17,711 சரியாக வரும். பேங்க் மேல் தப்பில்லை.

உண்மையில் கவலைப்பட வேண்டியது வரி 1,750 என்று இருந்தால்தான். அது 10 சதவீதம். பேங்க் உங்களை உள்நாட்டுவாசியாகவே பதிந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஆண்டின் படிவம் 26AS-ல் பிரிவு 195க்குப் பதில் 194A என்று இருந்தால் உறுதி. குறைவாகப் பிடித்தார்களே என்று சந்தோஷப்பட முடியாது, மீதி வரி பிற்பாடு வட்டியோடு உங்கள் தலையில்தான் விழும்.

நண்பர் விஷயத்தில் வேறொன்று இருந்தது. இந்தியா-சிங்கப்பூர் ஒப்பந்தப்படி அவருக்கு 15 சதவீதம், அதாவது 2,625 போதும். வரி வசிப்பிடச் சான்றிதழும் படிவம் 10F-ம் அந்த ஆண்டுக்கு அவர் கொடுக்கவில்லை. கூடுதலாகப் போனதை ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்பப் பெற வேண்டும்.

மூன்றாவது எண், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடிய தொகை. ஸ்டேட்மென்ட்டில் உள்ள "Available Balance" அதுவல்ல. அவர் சேமிப்புக் கணக்கில் 6 லட்சம் இருந்தது: வரி போக வாடகை 1.5 லட்சம், மனை விற்ற பணம் 4.5 லட்சம். வாடகையும் வட்டியும் நடப்பு வருமானம், வரி கட்டியதற்கு ஆதாரம் காட்டினால் உச்சவரம்பு இல்லாமல் அனுப்பலாம். மனைப் பணம் ஏப்ரல் முதல் மார்ச் வரை 10 லட்சம் டாலர் என்ற வரம்புக்குள் வரும். என்.ஆர்.ஈ கணக்குக்கு மாற்றினாலும் அதே வரம்புதான்.

அந்த வரம்பு எல்லா வங்கிகளுக்கும் சேர்த்து ஒருவருக்கு ஒன்றே. ஒரு வங்கியின் ஸ்டேட்மென்ட் அதைச் சொல்லவே முடியாது. ஒவ்வொரு வரவும் எங்கிருந்து வந்தது என்று நீங்களே ஒரு எக்ஸெல்லில் குறித்து வைத்தால்தான் உண்டு.