குளிர்ப்பெட்டியைச் சுற்றி இடைவெளி ஏன்?

குளிர்ப்பெட்டி என்று பெயர் படைத்த பொருள் வெப்பத்தை வெளிவிடும் பொருள் என்றால் நம்மிற் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் உண்மை அதுவே. உள்ளே வைத்த பாலும் கறியும் குளிர்கின்றன என்றால், அவற்றில் இருந்த வெப்பம் எங்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அது பெட்டியின் பின்புறத்தாலும் பக்கங்களாலும் நம் சமையலறைக் காற்றிலேயே வந்து கலக்கின்றது. இவ்வுண்மையை மறந்தமையால் எமது நண்பர் ஒருவரின் இல்லத்தில் நேர்ந்ததை ஈண்டு எடுத்துரைப்பது வாசகர்க்குப் பயன்படும் என எண்ணுகின்றோம்.

நண்பர் யாழ்ப்பாணத்திலே புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தவர். சமையலறைச் சுவர் முழுவதையும் மூடும்படி அழகிய மர அலுமாரி ஒன்றைச் செய்வித்தார். அதன் நடுவிலே குளிர்ப்பெட்டிக்கும் ஓர் அறை. பெட்டியின் அகலம் 55 சென்ரிமீற்றர். தச்சர் விட்ட அறை 57 சென்ரிமீற்றர். பின்னே பலகை, மேலே தட்டு, அடியிலே தரைவரை மறைப்பு. வந்தோர் யாவரும் அதன் அழகைப் புகழ்ந்தனர்.

இரண்டு மாதங்கள் சென்றன. காலையில் வாங்கிய பால் மாலையிலே திரியத் தொடங்கியது. பெட்டி இரவும் பகலும் ஓயாது இரைந்தது. மின்கட்டணச் சீட்டும் ஏறிற்று. நண்பர் குளிரைக் கூட்டும் திருகியைக் கடைசி எண்வரை திருப்பிவிட்டார்; இரைச்சல் நின்றபாடில்லை. பழுதுபார்க்க வந்தவர் உள்ளேயிருக்கும் வாயு குறைந்துவிட்டதென்றும், புதிதாக நிரப்ப வேண்டுமென்றும் கூறிச் சென்றார்.

“மாஸ்டர், வாங்கி மூன்று வருஷங்கூட ஆகவில்லை, அதற்குள் பழுதாகிவிட்டது” என்று நண்பர் எம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவருடைய தாயாரோ, “பால் போனாற் போகட்டும் தம்பி, என்னுடைய ஊசிமருந்தும் இதற்குள்ளேதானே இருக்கிறது” என்றார். அம்மையார் நீரிழிவு நோயாளர். அவர் நாள்தோறும் ஏற்றிக்கொள்ளும் இன்சுலின், திறவாத போத்தல்களாக அப்பெட்டியிலேதான் இருந்தது. திறவாத இன்சுலினை 2 பாகை செல்சியசுக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்தல் வேண்டும். அதுவரை நாம் ஒரு மின்கட்டணச் சங்கதியாகவே இதை எண்ணியிருந்தோம். அவ்வார்த்தையைக் கேட்டபின் அப்படி எண்ண இயலவில்லை.

முதலிலே ஒரு வெப்பமானியை நீர் நிறைந்த குவளையில் இட்டு, பெட்டியின் நடுத்தட்டில் ஓரிரவு வைத்தோம். கதவைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை மாறிவிடும். நீரின் வெப்பநிலை அவ்வளவு விரைவில் மாறாது. ஆகவே நீரையே நம்பவேண்டும். மறுநாள் அது காட்டிய அளவு 12 பாகை. பிற்பகலில் மற்றொரு வெப்பமானியை அறையின் நடுவே பிடித்தபோது 31 பாகை. அதையே நூலிற் கட்டி, பெட்டிக்கும் பின்பலகைக்கும் இடையே இறக்கிச் சிறிது நேரம் விட்டு எடுத்தபோது 43 பாகை! வெளியே யாழ்ப்பாணத்து வெயில். அலுமாரிக்குள்ளே அதனினும் கொடியதொரு கோடை.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள, நம் ஊர்த் துலாவை நினைவுகூருதல் போதும். கிணற்றின் ஆழத்திலுள்ள நீரைத் துலா மேலே கொணர்ந்து வாய்க்காலில் ஊற்றுகின்றது. குளிர்ப்பெட்டியும் அவ்வாறே தாழ்ந்த வெப்பநிலையிலுள்ள வெப்பத்தை மொண்டு, உயர்ந்த வெப்பநிலையில் வெளியே ஊற்றுகின்றது. பெட்டியின் உட்புறக் குழாய்களிலே குளிரூட்டும் திரவம் ஆவியாகும்போது உள்ளேயுள்ள வெப்பத்தை உறிஞ்சுகின்றது. அடியிலுள்ள அமுக்கி அவ்வாவியை அமுக்கிச் சூடேற்றி வெளிப்புறக் குழாய்களுக்கு அனுப்புகின்றது. அங்கே அது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்து மீண்டும் திரவமாகின்றது. இவ்வெளிப்புறக் குழாய்த்தொகுதியையே ஒடுக்கி என்பர். உள்ளே உறிஞ்சிய வெப்பத்தோடு, அமுக்கி செலவிட்ட மின்சக்தியும் வெப்பமாகி இவ்வழியாகவே வெளியேற வேண்டும்.

ஒடுக்கி எங்கே இருக்கின்றது என்பதை அறிதல் அவசியம். 1927-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் வெளியிட்ட பெயர்பெற்ற குளிர்ப்பெட்டியில் அமுக்கியும் ஒடுக்கியும் பெட்டியின் தலைமேலே, திறந்த காற்றில் அமைந்திருந்தன. பின்னர் ஒடுக்கி கறுப்புக் கம்பிச் சட்டமாகப் பெட்டியின் முதுகுக்கு இடம்பெயர்ந்தது. இக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் முதுகு வழவழப்பாக இருக்கும். குழாய்கள் பக்கத் தகடுகளின் உட்புறத்தே ஒட்டப்பட்டு மறைந்துள்ளன. பக்கத்தைத் தொட்டுப் பார்த்துச் சுடுகின்றதே என்று அஞ்சுவோர் உளர். இளஞ்சூடு குறையன்று, அதுவே ஒடுக்கி வேலை செய்வதற்குச் சான்று. பின்புறத்தில் மட்டுமன்றிப் பக்கங்களிலும் இடைவெளி கேட்கப்படுவதன் காரணமும் இதுவே.

பல வீட்டுப் பெட்டிகளின் ஒடுக்கிக்கு விசிறி கிடையாது. சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும். அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வரும். இந்த மேற்காவுகை ஓட்டமே அதற்கு விசிறி. ஒரு சென்ரிமீற்றர் சந்தில் காற்று இருபுறமும் உராய்ந்து தடைப்படும். அடியும் மேலும் மூடியிருந்தால் ஓட்டமே இல்லை. வாய்க்கால் அடைபட்டால் இறைத்த நீர் திரும்பக் கிணற்றிலே விழுவதுபோல, வெளியேற்றிய வெப்பம் பெட்டியின் சுவர்களூடாக மீண்டும் உள்ளே கசிகின்றது.

இதனால் விளையும் சுமையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். உள்ளே 4 பாகையைக் காக்க வேண்டுமென வைத்துக்கொள்வோம். வெளியே 31 பாகையாயின் வேறுபாடு 27; வெளியே 43 பாகையாயின் 39. சுவரூடாகக் கசியும் வெப்பம் இவ்வேறுபாட்டின் விகிதத்திலே கூடும். ஆகவே இறைக்கவேண்டிய வெப்பம் ஏறக்குறைய 44 வீதம் அதிகம். இனி, இறைக்கும் உயரமும் கூடுகின்றது. உட்குழாய் பூச்சியத்துக்குக் கீழ் 23 பாகையிலும், ஒடுக்கி சுற்றுக்காற்றிலும் 15 பாகை மேலாகவும் இருப்பதாகக் கொள்வோம். முன்னர் ஒடுக்கி 46 பாகை. ஏற்றம் 69 பாகை. இப்போது ஒடுக்கி 58 பாகை; ஏற்றம் 81 பாகை. இலட்சியப் பொறியிலேயே ஒவ்வோர் அலகு வெப்பத்துக்கும் 17 வீதம் கூடுதலான வேலை வேண்டும். இரண்டையும் பெருக்கினால் மின்செலவு ஒன்றே முக்கால் மடங்கை அணுகுகின்றது. கதவு மட்டும் அறைக்காற்றை நோக்கியிருப்பதால் இதிற் சிறிது குறையலாம். எனினும் நண்பரின் மின்கட்டணம் ஏறியதன் மருமம் இதுவே.

செலவோடு நின்றாலும் பொறுக்கலாம். பெட்டிகள் குறித்த ஒரு சுற்றாடல் வெப்பநிலைவரை வேலை செய்யவே வடிவமைக்கப்படுகின்றன. உட்புறத்தில் ஒட்டியுள்ள தகவற் சீட்டிலே இது எழுத்தாற் குறிக்கப்பட்டிருக்கும். “என்” எனும் ஆங்கில எழுத்து 32 பாகை வரையையும், “எஸ்ரி” 38 பாகை வரையையும், “ரி” 43 பாகை வரையையும் குறிக்கும். இங்கே சுற்றாடல் என்பது ஊரின் காற்றன்று; பெட்டியைச் சூழ்ந்த காற்று. நண்பரின் பெட்டி “எஸ்ரி” வகுப்பினது. அலுமாரிக்குள் அது எல்லை கடந்துவிட்டது. அப்போது அமுக்கி ஓயாது ஓடியும் உள்ளே குளிர் எட்டாது. திருகியைத் திருப்புவதும் பயன்தராது. ஓய்வின்றி ஓடும் பொறியை அதற்குமேல் ஓட்ட முடியாதன்றோ? வெப்பம் மேலும் ஏறினால் அமுக்கியின் பாதுகாப்பு ஆளி மின்னைத் துண்டித்துவிடும். “டிக்” என்றோர் ஒலி, சில நிமிட மௌனம், மீண்டும் “டிக்” என்று கேட்டால் அதுவாக இருக்கலாம்.

ஆயினும் ஓயாத ஓட்டம் ஒன்றையே கொண்டு குற்றம் காணலாகாது. வேகத்தை மாற்றிக்கொள்ளும் இன்வேட்டர் அமுக்கியுள்ள பெட்டிகள் மெல்லிய ஒலியோடு நெடுநேரம் ஓடுவது இயல்பு. உள்ளே நீரின் வெப்பநிலை, பின்னே காற்றின் வெப்பநிலை ஆகிய இரண்டையும் அளந்து பார்த்தலே தக்க சோதனை. பின்புறக் காற்று அறையைக் காட்டிலும் மூன்று நான்கு பாகை கூடியிருத்தல் பெரிதன்று. பத்துப் பாகை கூடினால் வழி அடைபட்டிருக்கின்றது. மெல்லிய கடதாசித் துண்டொன்றை நூலிற் கட்டிப் பின்புறச் சந்தின் மேல்வாயிலே பிடித்தால், ஓட்டமிருப்பின் அது மேல்நோக்கி அசையும். நண்பர் வீட்டில் அது தொங்கியபடியே இருந்தது.

வாயு நிரப்புவதை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டு, தச்சரை அழைப்பித்தோம். பக்கத்து அறையைப் பிரித்த பலகையை நகர்த்தி இருபுறமும் 5 சென்ரிமீற்றர் இடம்விட்டார். பெட்டியை முன்னே இழுத்து, பின்னே 7 சென்ரிமீற்றர் விட்டோம். மேல்தட்டு முற்றாக அகற்றப்பட்டது. அடி மறைப்பிலே 40 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் உயரமுமான வாய் வெட்டப்பட்டது; அதன் பரப்பு 200 சதுர சென்ரிமீற்றர். அலுமாரிக்குள் பொருத்தவென்றே செய்யப்படும் பெட்டிகளுக்கும் கீழும் மேலும் ஏறத்தாழ இவ்வளவு வாய் பல கைநூல்களிற் கேட்கப்படுகின்றது. இடைவெளியின் அளவு பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். கைநூல் கூறுவதே முடிவானது. கைநூல் தொலைந்திருப்பின் பின்னும் பக்கமும் 5 சென்ரிமீற்றரும், மேலே 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமலும் விடுவது தகும். அதற்கு மேலும் மேலும் விடுவதால் மிகுந்த பயன் ஏதுமில்லை. விட்ட இடத்தைத் தட்டும் பையும் செருகி மீண்டும் அடைத்துவிடாமல் இருப்பதே முக்கியம்.

மறுநாள் பிற்பகலில் அறை அதே 31 பாகை; பெட்டியின் பின்னே 34. உள்ளே குவளைநீர் 5 பாகைக்கு இறங்கியிருந்தது. இருபது நிமிடம் ஓடிய அமுக்கி, இருபது நிமிடம் ஓய்ந்திருந்தது. வாயுவில் ஒரு குறையும் இருந்ததில்லை.

வெப்பத்தில் இருந்த இன்சுலின் போத்தல்களை வைத்தியரிடம் காட்டியபோது, அவற்றைப் பாவிக்க வேண்டாமென்று அவர் விலக்கிவிட்டார். கெட்ட பாலை மோந்து அறியலாம். வலுவிழந்த மருந்தை அவ்வாறு அறிய இயலாது. புதிய போத்தல்கள் வந்தபின் அம்மையார் அவற்றை நடுத்தட்டில் அடுக்கி, வெப்பமானி இட்ட குவளையையும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அலுமாரியின் அழகு சற்றுக் குறைந்துவிட்டதென்று நண்பருக்கு இன்னமும் மனக்குறை உண்டு. தாயாரோ காலைதோறும் கதவைத் திறந்து, “ஐந்திலே நிற்குது தம்பி” என்று மகனுக்குச் சொல்லிவிட்டே மருந்தை எடுக்கின்றார்.